கலைந்து கிடக்கும் ஆறு செல்கள்: மைட்டாசிஸ் படத்தை வரிசைப்படுத்துவது எப்படி?

புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். பதினோராம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் இந்த நான்கு பெயர்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே நான்கு நிலைகளையும் படமாக வரைந்து, கலைத்துப் போட்டு, "வரிசைப்படுத்திப் பாகங்களைக் குறி" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பேனா நின்றுவிடுகிறது. மனப்பாடம் செய்திருப்பது பெயர்களின் வரிசையை. வினாத்தாள் கேட்பதோ படங்களின் வரிசையை. ஒரு படத்தைப் பார்த்ததும் அது எந்த நிலை என்று அடையாளம் காணத் தெரியாவிட்டால், பெயர் வரிசை தெரிந்து பயனில்லை.

இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் பெயர் வைக்க முயல வேண்டாம். முதலில், திரும்பி வர முடியாத ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு படங்களை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டு கூறாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு கூறுக்குள்ளும் வரிசையைப் பாருங்கள்.

பிரிக்கும் கோடு

செல் பிரிதல் தொடங்குவதற்கு முன்பே, இன்டர்ஃபேஸில், டிஎன்ஏ இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே மைட்டாசிஸுக்குள் நுழையும் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு ஒத்த இழைகளால் ஆனது. இந்த இழைகள்தாம் சகோதரி குரோமாட்டிட்டுகள். இரண்டும் சென்ட்ரோமியர் என்ற இடத்தில் இறுகப் பிணைந்திருக்கும். பாடநூல் படங்களில் வரும் எக்ஸ் வடிவம் இதுதான்.

மைட்டாசிஸ் முழுவதிலும் உண்மையில் முக்கியமான நிகழ்ச்சி ஒன்றே ஒன்று: அந்தப் பிணைப்பு அறுந்து இரண்டு குரோமாட்டிட்டுகளும் பிரிவது. அதற்கு முன் நடப்பதெல்லாம் அதற்கான ஆயத்தம். பின் நடப்பதெல்லாம் பிரிந்தவற்றைத் தனித்தனியே குடியமர்த்தும் வேலை. பிரிந்தவை மறுபடி அதே ஜோடியாகச் சேர்வதில்லை. எனவே படத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "குரோமாட்டிட்டுகள் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்துவிட்டனவா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, "உட்கருச் சவ்வு இருக்கிறதா, எத்தனை உட்கரு இருக்கிறது?" மூன்றாவது, "குரோமோசோம்கள் செல்லின் எந்த இடத்தில் நிற்கின்றன?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நிலையின் பெயர் தானாக வந்துவிடும்.

ஆறு படங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம்

தாவர வேர்நுனிச் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரைவதற்கு எளிதாக, அதில் நான்கு குரோமோசோம்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேர்வுப் படங்களிலும் பெரும்பாலும் நான்குதான் வரைவார்கள். ஆறு படங்கள் இப்படிக் கலைந்திருக்கின்றன:

அ — நான்கு எக்ஸ் வடிவங்கள் செல்லின் நடுவில் ஒரே கோட்டில் நிற்கின்றன. இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து அவற்றைத் தொடுகின்றன.

ஆ — ஒரே செல்லுக்குள் இரண்டு சிறிய உட்கருக்கள். அவற்றுக்கு நடுவே, செல்லின் மையத்தில் குறுக்காக ஒரு கோடு தொடங்கியிருக்கிறது. இரு பக்கச் சுவரையும் அது இன்னும் தொடவில்லை.

இ — ஒரு பெரிய வட்ட உட்கரு. அதனுள் தெளிவான உட்கருமணி. தனித்தனிக் குரோமோசோம் எதுவும் தெரியவில்லை.

ஈ — உட்கருவுக்குள் தடித்த, இரட்டையான இழைகள். உட்கருமணி மங்கிவிட்டது. உட்கருச் சவ்வு இன்னும் இருக்கிறது.

உ — நான்கு V வடிவங்கள் மேல் முனையை நோக்கியும் நான்கு கீழ் முனையை நோக்கியும் செல்கின்றன.

ஊ — எக்ஸ் வடிவங்கள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. சவ்வு இல்லை. இழைகள் தோன்றியிருக்கின்றன.

முதல் கேள்வியைக் கேட்போம். உ-வில் பிரிவு கண்கூடாகத் தெரிகிறது. ஆ-வில் ஒரு செல்லுக்குள் இரண்டு உட்கரு இருப்பதால், பிரிவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே உ, ஆ இரண்டும் கோட்டுக்குப் பின். மற்ற நான்கும் முன்.

பின் கூறில் வரிசை எளிது. குரோமோசோம்கள் நகர்ந்துகொண்டிருக்கும் உ முதலில், சேருமிடம் சேர்ந்து உட்கருவான ஆ அடுத்து.

முன் கூறில் இரண்டாவது கேள்வி உதவும். சவ்வு இருப்பவை இ, ஈ. இல்லாதவை அ, ஊ. இன்டர்ஃபேஸில் சவ்வும் உட்கருமணியும் முழுமையாக இருக்கும் என்பதால் இ முதலில். இழைகள் தடிக்கத் தொடங்கிய ஈ அதற்கு அடுத்தது. சவ்வு மறைந்த இரண்டில், சிதறிக் கிடக்கும் ஊ முந்தியது. ஒழுங்காக நடுவில் நிற்கும் அ பிந்தியது. சிதறியவைதான் நடுக்கோட்டுக்கு வந்து சேர்கின்றன. நடுக்கோட்டில் நிற்பவை பிரியாமல் மறுபடி சிதறிப் போவதில்லை.

விடை: இ, ஈ, ஊ, அ, உ, ஆ. இன்டர்ஃபேஸ், புரோஃபேஸ், புரோமெட்டாஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்.

இதில் ஊ படம் பற்றி ஒரு எச்சரிக்கை. புரோமெட்டாஃபேஸை எல்லாப் பாடநூல்களும் தனி நிலையாகச் சொல்வதில்லை. என்சிஇஆர்டி பதினோராம் வகுப்பு நூல் நான்கு நிலைகளை மட்டுமே சொல்கிறது; உட்கருச் சவ்வு முழுவதுமாகச் சிதைவதையே மெட்டாஃபேஸின் தொடக்கமாக வைக்கிறது. வேறு சில நூல்கள் ஊ போன்ற படத்தைப் புரோஃபேஸின் கடைசிக் கட்டம் என்கின்றன. வரிசை எல்லா நூல்களிலும் ஒன்றுதான். பெயர்ப்பலகை மட்டும்தான் இடம் மாறுகிறது. உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

பெயர்ப்பலகை இப்படி இடம் மாறுவதற்குக் காரணம் உண்டு. செல் நான்கு படிகளாகத் தாவித் தாவிப் பிரிவதில்லை. தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து, இந்த நிகழ்ச்சியை 1882-ல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். மைட்டாசிஸ் என்ற பெயரும் அவர் தந்ததே. நிலைகளுக்கான பெயர்கள் அதற்குப் பின் வேறு ஆய்வாளர்கள் சேர்த்தவை. எல்லைக்கோடுகள் நாம் போட்டவை. செல் போட்டவை அல்ல.

வரிசை ஏன் மாறாது?

காரணம் புரிந்தால் வரிசையை நினைவில் வைக்கத் தனி முயற்சி தேவையில்லை. மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். சிக்கிக் கிடக்கும் நூலைச் சிட்டமாகச் சுற்றாமல் இருவருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் முதலில் குரோமோசோம்கள் சுருண்டு தடிக்க வேண்டும். அதுதான் புரோஃபேஸ்.

அடுத்து, இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன. குரோமோசோம்கள் சவ்வுக்குள் இருக்கின்றன. சவ்வு கலைந்தால்தான் இழைகள் குரோமோசோமைத் தொட முடியும். ஆகவே சவ்வு மறைவது இரண்டாவது. ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு குரோமாட்டிட்டுகளையும் எதிரெதிர் முனைகளிலிருந்து வரும் இழைகள் பிடித்து இழுக்கும்போது, இழுவிசை சமமாகிற இடம் செல்லின் நடு. அங்கே எல்லாம் வந்து நிற்பது மூன்றாவது.

இங்கே செல் ஒரு சோதனை வைத்திருக்கிறது. ஒரே ஒரு குரோமோசோம் இழையோடு சரியாக இணையாமல் இருந்தாலும், மற்றவை பிரிவதற்கான அனுமதி கிடைக்காது, செல் காத்திருக்கும். எல்லாம் இணைந்த பின்புதான் பிணைப்பை அறுக்கும் நொதி வேலையைத் தொடங்கும். மெட்டாஃபேஸுக்கு முன் அனாஃபேஸ் வராததற்கு இதுவே காரணம்.

இந்தக் காத்திருப்பை வெளிப்படையாகக் காட்டும் ஒரு பொருள் நம் ஊரிலேயே விளைகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்கிசின் என்ற வேதிப்பொருள் உண்டு. வேர்நுனியைக் கோல்கிசின் கரைசலில் வைத்தால் கதிர்க்கோல் இழைகள் உருவாகாது. இழை இல்லாததால் குரோமோசோம்கள் தடித்த நிலையிலேயே, பிரியாமல் நின்றுவிடுகின்றன. குரோமோசோம்களை எண்ணுகிற ஆய்வுக்கூடங்கள் இந்தத் தந்திரத்தை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. அப்படிப்பட்ட ஸ்லைடின் படத்தைக் கொடுத்து "இது எந்த நிலை?" என்று கேட்டால், குரோமோசோம்கள் நடுக்கோட்டில் இல்லையே என்று குழம்ப வேண்டாம். குரோமாட்டிட்டுகள் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன, சவ்வு இல்லை. அனாஃபேஸுக்கு முன் தடைபட்ட செல் அது.

ஏமாற்றும் ஜோடிகள்

மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது புரோஃபேஸும் டீலோஃபேஸும். இரண்டிலும் உட்கருவுக்குள் பாதி சுருண்ட, பாதி அவிழ்ந்த இழைகள் தெரியும். ஒன்று மூட்டை கட்டுவது, மற்றது அவிழ்ப்பது. வேறுபாட்டைக் காண இழையை உற்றுப் பார்க்காமல் செல்லை முழுதாகப் பாருங்கள். புரோஃபேஸில் ஒரு செல்லுக்கு ஒரே உட்கரு. அது செல்லின் நடுவில், பெரிதாக இருக்கும். டீலோஃபேஸில் இரண்டு உட்கருத் திரள்கள். இரு முனைகளையும் ஒட்டி, சிறிதாக இருக்கும். படம் பெரிதாக, தெளிவாக இருந்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும்: புரோஃபேஸ் இழை இரட்டை, டீலோஃபேஸ் இழை ஒற்றை.

இரண்டாவது ஜோடி மெட்டாஃபேஸும் தொடக்க அனாஃபேஸும். குரோமாட்டிட்டுகள் பிரிந்து சற்றே விலகிய நிலையில், நடுவில் ஒரே பட்டையாக இருப்பது போலத் தோன்றும். பட்டையின் நடுவே நீளவாக்கில் இடைவெளி ஓடுகிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அது அனாஃபேஸ்.

அனாஃபேஸை உறுதி செய்ய V வடிவமும் உதவும். இழை பிடித்து இழுப்பது சென்ட்ரோமியரை. ஆகவே சென்ட்ரோமியர் முந்திச் செல்லும், கைகள் பின்னால் தொங்கும். V-யின் கூர்முனை செல்லின் முனையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த பக்கம் நடுவை நோக்கியிருக்க வேண்டும். மாணவர் வரையும் படங்களில் இது தலைகீழாவது சாதாரணம். சென்ட்ரோமியர் ஒரு ஓரமாக அமைந்த குரோமோசோம் V-யாக இல்லாமல் J போலத் தெரியும், அதுவும் சரிதான்.

பாகம் குறிக்கும்போது

எந்தப் பாகத்தை எந்தப் படத்தில் குறிப்பது என்பதில் தேர்வு இருந்தால், அது மிகத் தெளிவாகத் தெரியும் படத்தில் குறியுங்கள். உட்கருமணியை இன்டர்ஃபேஸில், சகோதரி குரோமாட்டிட்டையும் சென்ட்ரோமியரையும் மெட்டாஃபேஸில், கதிர்க்கோல் இழையை மெட்டாஃபேஸிலோ அனாஃபேஸிலோ, செல் தட்டை டீலோஃபேஸில்.

குறிகோட்டை அளவுகோல் வைத்து நேராக இழுங்கள். அதன் நுனி பாகத்தைத் தொட வேண்டும். அருகில் காற்றில் நிற்கக் கூடாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. சென்ட்ரோமியரைக் குறிக்கும் கோடு எக்ஸின் கைமேல் முடிந்தால், திருத்துபவர் அதைக் குரோமாட்டிட் என்றே படிப்பார்.

பெயரில் கவனிக்க வேண்டியவை மூன்று. அனாஃபேஸ் படத்தில் "சகோதரி குரோமாட்டிட்" என்று எழுதக் கூடாது. பிணைப்பு அறுந்த கணத்திலிருந்து ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம். சேய் குரோமோசோம் என்று எழுதுங்கள். குரோமோசோம்களை எண்ணுவதற்கும் இதே விதிதான்: சென்ட்ரோமியர்களை எண்ணினால் குரோமோசோம்களை எண்ணியதாகும். நம் படத்தில் மெட்டாஃபேஸ் செல்லில் 4 குரோமோசோம், 8 குரோமாட்டிட். அனாஃபேஸ் செல்லில் 8 குரோமோசோம். டீலோஃபேஸில் உட்கருவுக்கு 4. கடைசி எண் தொடக்க எண்ணுக்குச் சமமாக வராவிட்டால் படத்தில் எங்கோ தவறு இருக்கிறது.

இரண்டாவது, மெட்டாஃபேஸ் தட்டும் செல் தட்டும் வேறு வேறு. முன்னது குரோமோசோம்கள் வந்து நிற்கும் தளம். அங்கே சுவரோ சவ்வோ கிடையாது. பின்னது டீலோஃபேஸ் சமயத்தில் தாவரச் செல்லில் நடுவிலிருந்து பக்கவாட்டில் வளர்ந்து, புதிய செல் சுவராக மாறும் உண்மையான அமைப்பு.

மூன்றாவது, செல் தாவரத்துடையதா விலங்குடையதா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள். வெங்காய வேர்ச் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. அதைக் குறித்தால் தவறு. விலங்குச் செல்லில் செல் தட்டு கிடையாது. செல் நடுவில் இடுங்கி, பிளவுப் பள்ளம் உண்டாகி இரண்டாகும். நாற்கோண வடிவமும் தடித்த சுவரும் இருந்தால் தாவரம். வட்டமாக இருந்து, முனைகளில் சென்ட்ரியோல் ஜோடிகளும் அவற்றைச் சுற்றிக் கதிர்போல் இழைகளும் இருந்தால் விலங்கு.

படத்திலிருந்து ஸ்லைடுக்கு

ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மினில் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பாடநூலின் ஒழுங்கு இருக்காது. வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள். அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் ஒரு கறுத்த பட்டையாகவே தெரியும். எண்ண முயலாமல் பட்டையின் இடத்தையும் வடிவத்தையும் கவனியுங்கள். நசுக்கும்போது செல்கள் புரண்டுவிடுவதும் உண்டு. மெட்டாஃபேஸ் செல்லை முனைப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தால், பட்டைக்குப் பதில் குரோமோசோம்கள் வட்டமாகப் பரவியிருப்பது தெரியும். அதைப் புரோஃபேஸ் என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. சவ்வின் விளிம்பும் உட்கருமணியும் இல்லாமல், குரோமோசோம்கள் நன்கு தடித்துத் தனித்தனியாக இருந்தால் மெட்டாஃபேஸைச் சந்தேகியுங்கள்.

ஸ்லைடில் உள்ளவை சாயமேற்றும் முன்பே இறந்த செல்கள். ஒவ்வொன்றும் தான் நின்ற கட்டத்திலேயே உறைந்திருக்கிறது. ஒரு நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அந்த நிலையில் அகப்படும் செல்களும் அந்த அளவுக்கு அதிகம். அதனால் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில் இருக்கும். பிரியும் செல்களில் புரோஃபேஸ் நிறையத் தென்படும். மெட்டாஃபேஸும் அனாஃபேஸும் தேடினால்தான் கிடைக்கும். உங்கள் பதிவேட்டில் அனாஃபேஸ் எண்ணிக்கை புரோஃபேஸை மிஞ்சினால், செல்லைக் குறை சொல்வதற்கு முன் அடையாளம் கண்ட விதத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

கலைந்த படத்தாள் கையில் வந்ததும் பெயர் எழுத அவசரப்பட வேண்டாம். குரோமாட்டிட்டுகள் பிரிந்த படங்களை முதலில் பென்சிலால் சுழித்து ஒதுக்குங்கள். மீதியில் சவ்வைத் தேடுங்கள். பிறகு குரோமோசோம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெயர்களைக் கடைசியாக எழுதினால் போதும்.